4 லட்சம் சேமிப்பில் மரச்செக்கு போடலாமா?

"கையிருப்பு 4 லட்சம். வீட்டுச் செலவு மாதம் 20,000. பாபநாசம் பக்கம் 2 ஏக்கர் சம்பா. மரச்செக்கு 3 லட்சம் சொல்கிறார்கள். எவ்வளவு வரை இழக்கத் துணியலாம்?"

அதிகபட்சம் 2 லட்சம். அதற்குள் செக்கு அடங்காது.

ஆறு மாத வீட்டுச் செலவு 1,20,000. சம்பாவுக்கு ஏக்கருக்கு 30,000 என்று வைத்தால் 60,000. ஐப்பசி மழையில் நாற்று அழுகினால் மறுநடவுக்கு 20,000. இந்த 2 லட்சத்தைத் தொடக்கூடாது. நெல் பணம் தை, மாசியில்தான் கைக்கு வரும்.

செக்கைப் பாதி விலைக்கு விற்றுவிடலாம், நஷ்டம் ஒன்றரை லட்சம்தானே என்று தோன்றும். பெரும்பாலும் இங்கேதான் கணக்கு தப்புகிறது. விற்கும்வரை 3 லட்சமும் முடங்கிக் கிடக்கும்; கையில் ஒரு லட்சம்தான் மிஞ்சும். கொட்டகை, மும்முனை மின்சாரம், கடலை வாங்கும் பணம் எல்லாம் அதற்கு மேல்.

முதலில் வேறொருவர் செக்கில் கூலி கொடுத்து ஆட்டிப் பாருங்கள். 100 கிலோ கடலைப்பருப்பு, அதாவது உடைத்த நிலக்கடலை, வாங்கி ஆட்டினால் சுமார் 40 லிட்டர் கிடைக்கும். இரண்டு மூன்று நாள் தெளியவைத்துப் போத்தலில் அடையுங்கள். பருப்பில் ஈரம் இருந்தால் சிக்கு வாடை வந்துவிடும், ஜாக்கிரதை. பிண்ணாக்கை மாட்டுக்காரர்களிடம் விற்றுச் செலவில் கழியுங்கள்.

உறவுக்காரர் வாங்கியதைச் சேர்க்காதீர்கள். வெளியாட்கள் மறுமாதமும் வந்து கேட்கிறார்களா என்று மூன்று மாதம் பாருங்கள். அதுவரை போட்டது 60,000 தாண்டினால் நிறுத்திவிடுங்கள்.

ஒன்று: நகைக்கடன் இருந்தால் மீட்கும் தொகையையும் இழக்கத் துணியும் 2 லட்சத்தில் கழித்துக்கொள்ள வேண்டும். விற்பதற்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் தேவை.