முன்பக்கம் பீட்டா, பின்பக்கம் தங்க விளிம்பு

கேள்வி: மேஜிக் த கேதரிங் விளையாட்டின் 'மாக்ஸ் ஜெட்' அட்டை ஒன்றை இணையத்தில் வாங்கினேன். 'மாக்ஸ் ஜெட், பீட்டா, 1993' என்று தலைப்பு. முன்பக்கப் படம் ஒன்றுதான் இருந்தது. பின்பக்கத்தைக் கேட்டதற்கு 'நல்ல நிலையில் இருக்கிறது' என்று பதில் வந்தது. அட்டை வந்து பத்து நாளாகிறது. பின்பக்கத்தில் தங்க நிற விளிம்பும் 'கலெக்டர்ஸ் எடிஷன்' என்ற எழுத்தும் இருக்கின்றன. 'படத்தில் இருந்ததைத்தானே அனுப்பினேன்' என்கிறார் விற்றவர். பணத்தைத் திரும்பப் பெற முடியுமா? இல்லையென்றால் இதே போல வேறு யாருக்காவது விற்றுவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கூடாது. உங்களை ஏமாற்றியவர் ஒருவேளை தெரியாமல் செய்திருக்கலாம். நீங்கள் தெரிந்தே செய்வீர்கள். மோசடி வழக்கில் இந்த வேறுபாடுதான் எல்லாம்.

இனி அட்டைக்கு வருவோம். பீட்டா 1993-இல் வந்த பதிப்பு. அதே ஆண்டின் இறுதியில் அதே 302 அட்டைகளையும் ஒரே பெட்டியில் வைத்து, சேகரிப்பாளர்களுக்கென வெளியிட்டார்கள். அதுதான் கலெக்டர்ஸ் எடிஷன். முன்பக்கம் பீட்டாவைப் போலவே கறுப்பு விளிம்புடன் இருக்கும். அதே ஓவியம், அதே எழுத்து, ஓவியர் டான் ஃப்ரேஸியரின் பெயரும் அதே இடத்தில். ஆனால் பின்பக்கம் வேறு, போட்டிகளில் இதற்கு அனுமதியும் இல்லை. ஆகவே தலைப்பில் உள்ள '1993' பொய்யல்ல. 'பீட்டா' என்ற சொல்தான் பொய். உங்கள் வழக்கு அந்த ஒரு சொல்லில் நிற்கிறது.

ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில், விவரணையை நம்பி வாங்கும் பொருள் அந்த விவரணைக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது விற்பனைச் சட்டத்தின் அடிப்படை. படத்தோடு ஒத்துப்போனால் மட்டும் போதாது, சொல்லோடும் ஒத்துப்போக வேண்டும். விற்றவர் கடைக்காரரா, பரணைக் காலி செய்த தனிநபரா என்பதும் பொதுவாக இந்த விதியை மாற்றுவதில்லை. தலைப்பு 'பீட்டாவாக இருக்கலாம், எனக்கு உறுதியில்லை' என்று இருந்திருந்தால் உங்கள் நிலை மிகவும் பலவீனமாகியிருக்கும். அது உறுதிமொழி அல்ல, கருத்து.

பின்பக்கத்தைக் கேட்டபோது 'நல்ல நிலை' என்று வந்த பதிலை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கேட்டது ஒன்று, சொன்னது வேறு. வெறும் மௌனம் பெரும்பாலும் குற்றமாகாது. ஆனால் கேள்விக்கு அரைகுறை உண்மையைச் சொல்லித் திசைதிருப்புவதைத் தவறான தகவல் அளித்ததாகவே நீதிமன்றம் பார்க்கக்கூடும்.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை: அட்டையின் மூலைகள் எப்படி இருக்கின்றன? கலெக்டர்ஸ் எடிஷன் அட்டைகள் கூர்மையான சதுர மூலைகளோடு வந்தவை. பீட்டாவின் மூலைகள் வளைந்தவை. உங்கள் அட்டையின் மூலைகள் சதுரமாக இருந்து, படத்திலும் அது தெளிவாகத் தெரிந்திருந்தால், 'பார்த்துத்தானே வாங்கினீர்கள்' என்று விற்றவர் வாதிடுவார். அதில் கொஞ்சம் எடை உண்டு, ஆனாலும் 'பீட்டா' என்ற சொல் அவரை விடாது. மூலைகள் வளைந்திருந்தால் கதையே மாறுகிறது. யாரோ அவற்றை வெட்டியிருக்கிறார்கள். அதே விளையாட்டின் சாதாரண அட்டை ஒன்றை உங்கள் அட்டைக்குப் பின்னால் வைத்து நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். கையால் வெட்டிய மூலைகள் ஒன்றுபோல் இருப்பது அரிது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் வெட்டிய இடத்தில் தாளின் நார் சிலிர்த்திருப்பது தெரியலாம். வெட்டியவர் விற்றவரேதான் என்று நிறுவ முடிந்தால், அது கவனக்குறைவைத் தாண்டி வேண்டுமென்றே மறைத்ததாகிறது. அவரும் அப்படியே வாங்கியிருக்கலாம் என்பதால், முதல் கடிதத்திலேயே 'மோசடி' என்று எழுதாதீர்கள்.

பத்து நாள் அதிகமல்ல, ஆனால் இனிக் காத்திருக்காதீர்கள். பொருளை மறுக்கும் உரிமை நியாயமான காலத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் கைநழுவும். அதற்குப் பிறகு மதிப்பு வித்தியாசத்தை மட்டும் கேட்கும் நிலைக்கு வந்துவிடுவீர்கள். விற்பனைத் தளத்தின் புகார்க் கெடு இதைவிடக் குறுகியதாகவும் இருக்கலாம். இன்றே பாருங்கள்.

விளம்பரப் பக்கத்தைத் தேதி தெரியும்படி திரைப்பிடிப்பு எடுங்கள். அதிலுள்ள படத்தைத் தனிக் கோப்பாகவும் சேமியுங்கள். பின்பக்கம் பற்றிய உரையாடல் முழுதாக இருக்கட்டும், உங்களுக்குச் சாதகமான வரியை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். வந்த அட்டையை அதே கோணத்தில் படமெடுத்து விளம்பரப் படத்தோடு பொருத்துங்கள். கறுப்பு விளிம்பில் உள்ள புள்ளியோ கீறலோ இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தால், 'அட்டையை மாற்றிவிட்டார்' என்ற எதிர்வாதம் எழாது. அட்டையைத் துடைக்கவோ, மூலையைச் சீர்செய்யவோ, பரிசோதனைக்கு வளைக்கவோ வேண்டாம்.

பிறகு எழுத்தில் அனுப்புங்கள்: 'பீட்டா என்று விற்கப்பட்ட அட்டையின் பின்பக்கத்தில் கலெக்டர்ஸ் எடிஷன் என்று அச்சாகியிருக்கிறது. விவரணைக்கு மாறானதால் இதை ஏற்கவில்லை. விலையையும் அனுப்பும் செலவையும் 14 நாட்களுக்குள் திருப்பித் தந்தால், வந்த நிலையிலேயே அட்டையை அனுப்புகிறேன்.' நிபுணர் சான்று இப்போதைக்குத் தேவையில்லை. எந்தப் பதிப்பு என்பதை அட்டையே தன் முதுகில் சொல்கிறது. மூலைகள் வெட்டப்பட்டனவா என்பதில் சண்டை வந்தால் மட்டும் தரமதிப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கருத்தை வாங்குங்கள். பணம் கைக்கு வரும்வரை, அல்லது தளம் அதைப் பிடித்துவைத்திருப்பது உறுதியாகும்வரை, அட்டையை அனுப்பாதீர்கள்.