5,900 ரூபாய் மிக்ஸியில் வரி எவ்வளவு?

கேள்வி: வரி உட்பட 5,900 ரூபாய் என்று சொல்லி ஒரு மிக்ஸி வாங்கினேன். மிக்ஸிக்கு 18% ஜிஎஸ்டி என்பதால் போனில் கணக்குப் போட்டேன், வரி 1,062 ரூபாய் வந்தது. பில்லில் 450, 450 என்று 900 ரூபாய்தான் இருக்கிறது. மீதி 162 ரூபாய் அரசாங்கத்துக்குப் போகாமல் கடைக்காரர் கையிலேயே நின்றுவிட்டதா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இல்லை, பில் சரியாகத்தான் இருக்கிறது. உங்கள் கணக்கில்தான் ஒரு இடறல்.

18% என்பது வரி சேர்வதற்கு முந்தைய விலையின் மேல் போடுவது. நீங்கள் வரியும் சேர்ந்த 5,900-க்கு 18% பார்த்தீர்கள். அப்படிப் பார்த்தால் வரிக்கும் சேர்த்து வரி போட்டதாக ஆகிவிடும்.

100 ரூபாய்ப் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். 18 ரூபாய் வரி சேர்ந்து 118 ஆகிறது. கையிலிருந்து போகிற ஒவ்வொரு 118 ரூபாயிலும் 18 ரூபாய் வரி, 100 ரூபாய் பொருளின் விலை. உங்கள் மிக்ஸிக்கும் இதேதான்:

5900 × 18 ÷ 118 = 900

வரிக்கு முந்தைய விலை வேண்டுமென்றால் 5,900-ஐ 1.18-ஆல் வகுங்கள், 5,000 வரும். 5,000-க்கு 18% என்றால் 900, இரண்டையும் கூட்டினால் 5,900. ஆக, "18% வரி" என்று சொன்னாலும் நீங்கள் கொடுத்த மொத்தப் பணத்தில் அது கிட்டத்தட்ட 15.25% தான்.

போன் கால்குலேட்டரில் 5900 - 18% என்று தட்டினால் 4,838 வரும். பலரும் ஏமாறுவது இந்த பட்டனில்தான். விடை சரியா என்று பார்க்க, வந்த விலைக்குத் திரும்ப 18% கூட்டிப் பாருங்கள். 4,838-க்கு வரி 870.84, கூட்டினால் 5,708.84. கொடுத்ததோ 5,900. கிட்டத்தட்ட 191 ரூபாய் எங்கோ காணாமல் போகிறதென்றால் பிரித்த விதம் தப்பு.

இன்னொரு சந்தேகமும் சிலருக்கு வரும். பில்லில் சிஜிஎஸ்டி 9%, எஸ்ஜிஎஸ்டி 9% என்று இரண்டாக இருக்கிறதே, ஒவ்வொன்றையும் தனியாக 109-ஆல் வகுக்க வேண்டாமா? வேண்டாம். அப்படிச் செய்தால் ஒவ்வொன்றும் 487.16 ஆகி, வரி மொத்தம் 974 ரூபாயைத் தாண்டிவிடும். கீழே எப்போதும் நூறும் மொத்த வரி விகிதமும் சேர்ந்த 118தான் வரும், மேலே மட்டும் 9: 5900 × 9 ÷ 118 = 450. சிஜிஎஸ்டி விதிகளில் 35-வது விதி சொல்வதும் இதே கணக்குதான். அதனால் கடைக்காரரிடம் விவாதம் வந்தால் சொல்லலாம்.

சில பில்களில் கடைசியில் ஒரு பைசா இடிக்கும். 999 ரூபாய்ப் பொருளில் வரிக்கு முந்தைய விலை 846.61, இரண்டு வரிகளும் 76.19 வீதம். கூட்டினால் 998.99 தான் வரும். "ரவுண்ட் ஆஃப் 0.01" என்று அடியில் போட்டுச் சரிக்கட்டுவார்கள். அதில் தப்பில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு வரி 28%-லிருந்து 18% ஆனபோது, "பத்து சதவீதம் குறைய வேண்டுமே, ஏன் குறையவில்லை?" என்று பலர் எழுதினார்கள். அதுவும் இதே இடறல்தான். 38,400 ரூபாய் ஏசியில் வரிக்கு முந்தைய விலை 30,000. அதற்கு 18% போட்டால் 35,400. குறைவது 3,000 ரூபாய். 38,400-க்கு அது 7.8% மட்டுமே. வரி குறைந்தது பத்து புள்ளி, ஆனால் அந்தப் புள்ளிகள் எல்லாம் 30,000-இன் மேல்.

கேள்வி: ஒரு துணிக்கடையில் 2,100 ரூபாய் சட்டைக்கு 40% தள்ளுபடி. 1,260 ரூபாய் என்று நினைத்துக் கவுண்டருக்குப் போனால், "5% ஜிஎஸ்டி தனி" என்று சொல்லி 1,323 வாங்கிக்கொண்டார்கள். தள்ளுபடி விலைக்கு வரி தனியாகத்தான் போடுவார்களா?
– வாசகி, மதுரை

பதில்: சட்டையில் தொங்கிய அட்டையைப் பாருங்கள். 2,100-க்குப் பக்கத்தில் "எல்லா வரிகளும் உட்பட" என்று இருந்திருக்கும். எம்ஆர்பி என்பதே வரியும் சேர்ந்த விலை. அதில் 40% கழித்தால் வருகிற 1,260-லும் வரி உள்ளேதான் இருக்கிறது. மேலே திரும்பவும் ஏற்ற இடமில்லை.

அந்த 1,260-ஐப் பிரித்துப் பார்ப்போம். 5% வரிக்குக் கணக்கு ரொம்பச் சுலபம், ஏனென்றால் 105-ல் 5 என்பது 21-ல் ஒன்று. 1,260-ஐ 21-ஆல் வகுத்தால் 60 ரூபாய் வரி. சட்டையின் விலை 1,200. பில்லில் 1,200, 30, 30, மொத்தம் 1,260 என்று வந்திருக்க வேண்டும்.

உங்கள் பில்லில் என்ன செய்திருக்கிறார்கள்? 1,260-ஐயே வரிக்கு முந்தைய விலையாக வைத்து 63 ரூபாய் ஏற்றியிருக்கிறார்கள். கடைசியில் நீங்கள் பெற்ற தள்ளுபடி 777 ரூபாய், அதாவது 37%. போர்டில் 40% என்று எழுதியதற்கும் இதற்கும் உள்ள இடைவெளிதான் அந்த 63 ரூபாய். "வரியை நாங்கள் அரசுக்குத்தானே கட்டுகிறோம்" என்பார்கள். கட்டட்டும், ஆனால் 1,260-க்குள் இருக்கும் 60-ஐக் கட்ட வேண்டியது அவர்கள் பாடு.

இது தெரிய பெரிய கணக்கு வேண்டாம். பில்லில் வரிக்கு முந்தைய விலை என்று இருக்கும் எண்ணைப் பாருங்கள். தள்ளுபடி போக நீங்கள் கொடுக்க நினைத்த தொகையும் அதுவும் ஒன்றாக இருந்தால் வரியை மேலே ஏற்றியிருக்கிறார்கள். அதைவிடக் குறைவாக இருந்து, வரியோடு கூட்டினால் அந்தத் தொகை வந்தால் சரி.

பல பொருள் வாங்கிய பில்லில் இதை மொத்தத்துக்குச் செய்யாதீர்கள். சட்டைக்கு 5%, இன்னொன்றுக்கு 18% என்று விகிதம் மாறும், ஒவ்வொரு பொருளாகத்தான் பிரிக்க வேண்டும். உதாரணத்துக்கு 840 ரூபாய்க்கு 5% பொருளும் 590 ரூபாய்க்கு 18% பொருளும் இருந்தால் வரி 40 + 90 = 130. மொத்தம் 1,430-ஐயும் 18% என்று வைத்துப் பிரித்தால் 218 ரூபாய் வரும், கடைக்காரர் மேல் வீண் சந்தேகம் வரும். அப்புறம், விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தன் கையிலிருந்தே வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சின்னக் கடை என்றால் உங்களிடம் வரி வசூலிக்கவே கூடாது. அந்தக் கடையில் பில்லில் ஜிஎஸ்டி என்று தனி வரி இருந்தால், பிரித்துப் பார்க்க ஒன்றுமில்லை, அதுவே தப்பு.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: சட்டையின் விலை அட்டையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அட்டையையும் பில்லையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, கடையில் போய் 63 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்யலாம். அங்கே கேட்கும்போது இந்த மூன்று எண்களைச் சொல்லுங்கள்: அட்டையில் 2,100, தள்ளுபடி போக 1,260, வாங்கியது 1,323.