சளியும் சர்க்கரையும்: ஒரு புத்தகத்தை எப்படிச் சோதிப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அப்பாவுக்கு வயது அறுபத்தெட்டு. பதினாறு வருடங்களாகச் சர்க்கரை நோய். மாத்திரையோடு இன்சுலினும் போட்டுக்கொள்கிறார். சமீபத்தில் யாரோ கொடுத்த ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு, உணவாலேயே சர்க்கரையை முழுக்க விரட்டிவிடலாம், இன்சுலினை நிறுத்தப்போகிறேன் என்கிறார். எழுதியவர் பெரிய டாக்டர். அத்தியாயத்துக்கு ஒரு நோயாளி குணமான கதை. கடைசியில் முப்பது பக்கத்துக்கு ஆய்வுக் குறிப்புகளும் இருக்கின்றன. "இவ்வளவு ஆதாரம் காட்டியிருக்கிறாரே, அப்புறம் என்ன?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. இப்படி ஒரு புத்தகத்தை எங்களைப் போன்றவர்கள் எப்படி எடைபோடுவது?

கவிதா, ஈரோடு

அன்புள்ள கவிதா,

முதலில் அவசரமான விஷயம். டாக்டரிடம் கேட்காமல் அப்பா இன்சுலினை நிறுத்தவே கூடாது. புத்தகத்தில் சொன்ன உணவு முறையைத் தானாகத் தொடங்கவும் கூடாது. இன்சுலினை நிறுத்தினால் சர்க்கரை ஏறுவது ஒரு ஆபத்து. வழக்கமான அளவு இன்சுலின் போட்டுக்கொண்டே சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை சரிந்து, கை நடுங்கி, வியர்த்து மயங்கி விழுவது இன்னொரு ஆபத்து. இந்த இரண்டையும் அவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

இனி புத்தகத்துக்கு வருகிறேன். முப்பது பக்கக் குறிப்புகளையும் சோதிக்க நம்மால் முடியாது, தேவையும் இல்லை. புத்தகம் எந்த ஒரு கூற்றின் மேல் நிற்கிறதோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குக் காட்டிய மூல ஆய்வு வரைக்கும் போய்ப் பார்த்தால் போதும். அப்படிப் போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் லைனஸ் பாலிங் 1970இல் வைட்டமின் சி பற்றி எழுதிய புத்தகம். பாலிங் வேதியியலுக்கும் அமைதிக்கும் தனித்தனியாக நோபல் பரிசு வாங்கியவர். தினமும் ஒரு கிராம் அல்லது அதற்கு மேல் வைட்டமின் சி சாப்பிட்டால் சளி பெரும்பாலும் வராது, வந்தாலும் லேசாகப் போய்விடும் என்று அதில் எழுதினார். அமெரிக்கக் கடைகளில் வைட்டமின் சி மாத்திரை விற்றுத் தீர்ந்தது. நம் ஊரில் இன்றும் சளி பிடித்தால் அந்த ஆரஞ்சு நிற மாத்திரையைச் சப்புகிறோமே, அந்தப் பழக்கம் பரவியதில் இந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

பாலிங் வெறும் கதை சொல்லவில்லை. அவர் முக்கியமாக நம்பியது 1961இல் வெளியான ஒரு சுவிஸ் ஆய்வை. ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு முகாமுக்கு வந்த 279 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தினம் ஒரு கிராம் வைட்டமின் சி, இன்னொன்றுக்கு அதே மாதிரி தோன்றும் போலி மாத்திரை. யாருக்கு எது என்று தெரியாது. போலி மாத்திரை சாப்பிட்ட 140 பேரில் 31 பேருக்குச் சளி பிடித்தது. வைட்டமின் சாப்பிட்ட 139 பேரில் 17 பேருக்கு மட்டும்தான். ஏறக்குறைய பாதி. ஒழுங்காகச் செய்த ஆய்வு, புத்தகத்தில் உள்ள எண்களும் சரியானவை. அப்பா கேட்ட "அப்புறம் என்ன?" என்ற கேள்வியை 1970இல் யாரும் நியாயமாகவே கேட்டிருக்கலாம்.

அங்கே கேட்க வேண்டியிருந்தது வேறு கேள்வி: அந்த 279 பேர் யார்? கடுங்குளிரில், நாள் முழுக்க உடம்பை வருத்திக்கொண்டு, சில நாட்கள் மட்டும் முகாமில் இருந்தவர்கள். பாலிங் சொன்னதோ வீட்டிலும் அலுவலகத்திலும் இருக்கிற எல்லோருக்கும், வாழ்நாள் முழுவதற்கும்.

சாதாரண ஆட்களை வைத்துச் செய்த ஆய்வும் அப்போதே இருந்தது. 1942இல் மின்னசோட்டா பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்தது. வைட்டமின் சாப்பிட்டவர்களுக்கு வருடத்துக்குச் சராசரியாக 1.9 தடவை சளி, சாப்பிடாதவர்களுக்கு 2.2 தடவை. ஆளுக்கு வருடத்துக்கு ஒரு சளியில் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது, இதில் முக்கியமான பலன் எதுவும் இல்லை என்பது அந்த ஆய்வாளர்களின் முடிவு. பாலிங் இந்த ஆய்வை மறைக்கவில்லை. ஆனால் அந்தச் சின்ன வித்தியாசத்தைத் தன் கட்சிக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார். கவிதா, இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். தேர்ந்தெடுத்துச் சொல்வது என்றால் பொய் சொல்வது என்று நினைக்கிறோம். பிடித்த ஆய்வை அப்படியே ஏற்றுக்கொண்டு, பிடிக்காததற்கு மட்டும் புது விளக்கம் தேடினாலே போதும், ஒரு பொய்கூட இல்லாமல் தவறான புத்தகம் எழுதிவிடலாம்.

பாலிங்கின் புத்தகத்தால் ஒரு நன்மையும் நடந்தது. பலர் அதைச் சோதிக்க இறங்கினார்கள். புத்தகத்துக்கு முன்பும் பின்பும் சேர்ந்த ஆய்வுகளையெல்லாம், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2013ஆம் வருடத் தொகுப்பு ஒன்றாகப் பார்த்தது. மொத்தம் 29 ஒப்பீடுகள், 11,306 பேர். பொது மக்களிடம், வைட்டமின் சாப்பிடாத குழுவில் 100 பேருக்குச் சளி வந்தால் தினமும் சாப்பிட்ட குழுவில் 97 பேருக்கு வந்தது. அதாவது வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். சளி நீடிக்கும் காலம் பெரியவர்களுக்குச் சுமார் 8 சதவீதம் குறைந்தது, அதுவும் சளி வருவதற்கு முன்பிருந்தே தினமும் சாப்பிட்டு வந்தவர்களுக்கு. சளி பிடித்த பிறகு சாப்பிடத் தொடங்கினால் நிலையான பலன் எதுவும் தெரியவில்லை. ஆனால் மாரத்தான் ஓடுபவர்கள், பனிச்சறுக்குக்காரர்கள், கடுங்குளிரில் பயிற்சி எடுத்த ராணுவ வீரர்கள் என 598 பேரிடம் செய்த ஐந்து ஆய்வுகளில் மட்டும் சளி பாதியாகக் குறைந்திருந்தது. அந்த ஐந்தில் பாலிங் காட்டிய சுவிஸ் ஆய்வும் ஒன்று! அவர் சொன்னது உண்மைதான், ஆனால் அந்தப் பனிமலைக்காரர்களுக்கு மட்டும்.

சரி, குணமானவர்களின் கதைகள்? சளி தானாகவே ஒரு வாரத்தில் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விடுங்கள். கதை சொல்பவர் நேர்மையானவராக இருந்தும் எப்படித் தவறிப்போகிறது என்பதை 1975இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவன ஊழியர்கள் 311 பேரிடம் செய்தது. போலி மாத்திரையில் லாக்டோஸ் வைத்திருந்தார்கள், அது லேசாக இனிக்கும். வைட்டமின் சி புளிக்கும். ஊழியர்களில் சிலர் கேப்சூலைத் திறந்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டார்கள். மேலோட்டமாகக் கணக்குப் பார்த்தபோது வைட்டமின் சாப்பிட்டவர்களுக்குச் சளி கொஞ்சம் சீக்கிரம் சரியான மாதிரிதான் இருந்தது. தான் சாப்பிடுவது எது என்று கண்டுபிடிக்காதவர்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது அந்த வித்தியாசம் போய்விட்டது. நாம் சாப்பிடுவது மருந்து என்று தெரிந்தாலே மூக்கடைப்பு குறைந்த மாதிரி தோன்றும். இன்னொன்று, அந்த 311 பேரில் கடைசி வரை இருந்தவர்கள் 190 பேர்தான். பாதியில் போனவர்கள் எத்தனை பேர் என்பதை ஓர் ஆய்வு எண்ணிச் சொல்லியாக வேண்டும். நோயாளிகளின் கதைகளால் ஆன புத்தகத்தில் அந்த எண்ணிக்கை இருக்காது. அப்பாவின் புத்தகத்தில் பன்னிரண்டு பேர் குணமாகியிருந்தால், மொத்தம் எத்தனை பேர் அந்த உணவு முறையைத் தொடங்கினார்கள் என்று தேடிப் பாருங்கள். அது இல்லையென்றால் பன்னிரண்டு என்ற எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

உங்கள் அப்பாவின் விஷயத்தில் எனக்குக் கவலை தருவது, அந்தப் புத்தகம் முழுப் பொய்யாக இருக்காது என்பதுதான். உணவால் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் தணிவதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2017இல் லான்செட் இதழில் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று, பெயர் டைரக்ட். புத்தகத்தின் குறிப்புகளில் அது இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். 306 பேர் அதில் சேர்ந்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரி மட்டும், அதுவும் சாதாரணச் சாப்பாடு இல்லாமல் முழுக்க சூப், ஷேக் மாதிரியான தயாரிப்பு உணவாக. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வழக்கமான உணவுக்குத் திரும்பினார்கள். மாத்திரையை முதல் நாளே நிறுத்தினார்கள், ஆனால் மருத்துவக் குழுவின் கண்காணிப்பில். ஒரு வருடம் கழித்து உணவுக் குழுவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் அது 4 சதவீதம். இரண்டாம் வருட முடிவில் 46 என்பது 36 ஆகக் குறைந்தது.

அசத்தலான முடிவுதான், எனக்கு இந்த ஆய்வின் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அதிலும் யாரைச் சேர்த்தார்கள் என்று பாருங்கள். 20 முதல் 65 வயது வரை, நோய் கண்டுபிடித்து ஆறு வருடத்துக்கு உட்பட்டவர்கள், உடல் எடை கூடியவர்கள், இன்சுலின் போடாதவர்கள். உங்கள் அப்பாவுக்கு வயது அறுபத்தெட்டு, நோய்க்குப் பதினாறு வருடம், இன்சுலினும் போடுகிறார். மூன்று காரணத்தால் அவரை அந்த ஆய்வில் சேர்த்தே இருக்க மாட்டார்கள். அதில் வந்த 46 சதவீதம் அவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

புத்தகத்தில் இருப்பது இந்த ஆய்வாக இல்லாமலும் போகலாம். அதனால் நீங்களே ஒரு மாலை நேரம் ஒதுக்கிப் பாருங்கள். சர்க்கரையை முழுக்க விரட்டலாம் என்று சொல்கிற பக்கத்தைத் திறந்து, அங்கே உள்ள குறிப்பு எண்ணைப் பின்னால் தேடி, அந்தக் கட்டுரையின் தலைப்பை, மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் PubMed தளத்தில் அப்படியே அடியுங்கள். சுருக்கம் இலவசமாகவே கிடைக்கும். ஆய்வு மனிதர்களிடமா எலிகளிடமா, எத்தனை பேர், எவ்வளவு நாள், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இருந்ததா என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த ஒரு பத்தியிலேயே இருக்கும். கீழே Cited by என்ற பகுதியில் பிறகு வந்த ஆய்வுகள் தெரியும். அவற்றில் பழைய முடிவுக்கு எதிரானது எதையாவது புத்தகம் குறிப்பிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கட்டுரை ஆங்கிலத்தில்தான் இருக்கும், புரியாத இடத்தை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து படிப்போம்.

அப்பாவிடம் "அந்தப் புத்தகம் பொய்" என்று வாதாட வேண்டாம். அவரை அவருடைய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், சி-பெப்டைடு என்ற ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள். வெளியிலிருந்து போடும் இன்சுலினைத் தவிர்த்து, அவருடைய கணையம் சொந்தமாக எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்பதை அது காட்டும். அது மிகக் குறைவாக இருந்தால் எந்த உணவு முறையாலும் இன்சுலின் ஊசியை ஈடுகட்ட முடியாது. ஓரளவு இருந்தால், எடையைக் குறைத்து இன்சுலின் அளவை எவ்வளவு கீழே கொண்டுவரலாம் என்பதை டாக்டர் பார்த்துப் பார்த்துச் சொல்வார்.