அப்பா ஆன்லைன் விற்பனைக்கு மறுக்கிறார்

"திருப்பூரில் நானும் அப்பாவும் பார்ட்னர்களாக பனியன் கம்பெனி நடத்துகிறோம். ஆன்லைனில் விற்கலாம் என்றால் அப்பா பிடிகொடுக்கவே மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?"

கம்பெனியையே மாற்றக் கேட்காதீர்கள். ஒரே ஒரு ரகத்தை, போனாலும் தாங்கக்கூடிய தொகையில், தனிக் கணக்கு வைத்து ஆறு மாதம் நடத்த அனுமதி கேளுங்கள்.

அவருடைய பயம் அநேகமாக ஆன்லைனைப் பற்றியது அல்ல. வங்கியின் சிசி கடனுக்கு அவர் ஜாமீன் போட்டிருப்பார், வீட்டுப் பத்திரமும் அங்கேதான் இருக்கும். ஆன்லைனில் சரக்கு திரும்பி வந்து பணம் முடங்கினால் முதலில் ஆடுவது அந்த வீடு.

கடன் அனுமதிக் கடிதத்தை எடுத்து, ஜாமீன்தாரர் யார், அடமானம் எது என்று பாருங்கள். உங்கள் பெயர் இல்லையென்றால், "நானும் கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். என் அப்பா அதற்குப் பிறகுதான் கணக்குப் புத்தகத்தையே என் பக்கம் திருப்பினார்.

ஆனால் பார்ட்னர் என்பதால் கம்பெனிக் கடனுக்கு உங்கள் சொத்தும் ஏற்கெனவே பொறுப்புதான்; கையெழுத்துப் போட்டால் ஜாமீன்தாரராகவும் பொறுப்பாவீர்கள். அப்புறம், பார்ட்னர்கள் இருவர் மட்டும் என்றால், ஒருவர் காலமானதும் 1932 கூட்டாண்மைச் சட்டப்படி கூட்டு கலைந்துவிடும். கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தில் "தொடரும்" என்று எழுதியிருந்தாலும் தனி ஆளாகக் கூட்டு நடத்த முடியாது. மூன்றாவதாக அம்மாவையோ தங்கையையோ சேர்ப்பது பற்றி ஆடிட்டரிடம் இப்போதே பேசுங்கள்.