பகுதிகளுக்கு எல்லை இல்லை, கூடுதலுக்கு உண்டா?

கேள்வி: இரண்டு சார்புகளுக்கும் ஒரு புள்ளியில் எல்லை இல்லையென்றால், கூட்டல் விதிப்படி அவற்றின் கூடுதலுக்கும் எல்லை இல்லை என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. இரண்டு எல்லைகளும் மெய்யெண்களாக இருந்தால் கூடுதலின் எல்லை என்ன என்பதை மட்டுமே அந்த விதி சொல்கிறது. அவை இல்லாதபோது அது எதையும் சொல்வதில்லை.

f(x) = 1/x, g(x) = −1/(x² + x) என்று கொள்வோம். x → 0 ஆகும்போது இரண்டின் மட்டு மதிப்பும் வரம்பின்றிப் பெருகுவதால் எதற்கும் எல்லை இல்லை. ஆனால் x² + x = x(x + 1) என்பதால், x ≠ 0, x ≠ −1 எனும்போது

f(x) + g(x) = (x + 1 − 1) / (x(x + 1)) = 1/(x + 1)

என்று சுருங்குகிறது, இதன் எல்லை 1. x = 0.01 என இட்டால், 100 − 99.0099 = 0.9901 என்று தோராயமாகக் கிடைக்கிறது.

வலப்பக்கத்திலிருந்து அணுகும்போது விதியைப் பிரித்துப் போட்டு ∞ − ∞ = 0 என்று முடிப்பவர்கள் பலர்; இங்கே அந்த விடை அப்பட்டமாகத் தவறு. ஆகவே முதலில் சுருக்குங்கள், பிறகு எல்லை எடுங்கள்.

f-க்கு எல்லை இருந்து g-க்கு மட்டும் இல்லையெனில், கூடுதலுக்கு எல்லை இருக்கவே முடியாது; இருந்தால் g = (f + g) − f என்பதற்கும் அதே விதிப்படி எல்லை இருந்தாக வேண்டும்.