கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் படியெடுப்பது: வாசகர் கேள்விகள்

மேலே பெரிய எழுத்தில் ‘இராமசாமி’, கீழே ‘ராமசாமி’ என்று இருக்கிறது. எதை எழுதுவது?

இரண்டையும், அந்தந்த இடத்தில். பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் [போஸ்டரில் உள்ளபடி] என்று போட்டால் உங்கள் கைப்பிழை என்று யாரும் நினைக்க மாட்டார்கள். முன்னெழுத்தையும் விரிக்காதீர்கள். திருமணமான பெண்ணின் முன்னெழுத்து அப்பாவுடையதா கணவருடையதா என்பதைப் பெரும்பாலும் போஸ்டரை வைத்துச் சொல்ல முடியாது.

மகன்கள், மருமகள்கள் என்று பக்கத்துப் பக்கத்தில் பட்டியல் இருக்கிறது. எந்த வரிசையில் எழுதுவது?

அதிகம் கெட்டுப்போவது இங்கேதான். உதாரணத்துக்கு, இடப்பக்கம் மகன்கள்: செல்வம், குமார், பாபு. வலப்பக்கம் மருமகள்கள்: லதா, ஒரு காலி இடம், மீனா. மேலிருந்து கீழாக இடப்பக்கத்தை முடித்துவிட்டு வலப்பக்கத்துக்குப் போனால் காலி இடம் காணாமல் போகும். பாபுவின் மனைவி மீனா, குமாருக்கு ஜோடியாகிவிடுவார். அதனால் குறுக்காகப் படியுங்கள்: ‘செல்வம் – லதா’, ‘குமார் –’, ‘பாபு – மீனா’. காலி இடம் காலியாகவே இருக்கட்டும். குமாருக்குக் கல்யாணம் ஆகவில்லையா, வேறு காரணமா என்பது நம் வேலை இல்லை.

‘(லேட்)’ எந்தப் பெயரை ஒட்டி இருக்கிறது என்பதை இரண்டு முறை பாருங்கள். ‘செல்வம் (லேட்) – லதா’ என்பதை ‘செல்வம் – லதா (லேட்)’ என்று எழுதினால் உயிரோடு இருப்பவரை இறந்தவராக்கிவிடுவோம். முடித்ததும் இரு பக்கமும் எத்தனை பெயர், எத்தனை காலி இடம் என்று எண்ணி, போஸ்டரோடு ஒப்பிடுங்கள்.

அப்புறம், ‘மருமகன்’ என்று இருந்தால் ‘மகளின் கணவர்’ என்று மாற்ற வேண்டாம். அக்கா, தங்கை மகனையும் மருமகன் என்று சொல்வது உண்டு.

3ஆம் தேதி மறைவு, 16ஆம் நாள் காரியம் 19ஆம் தேதி என்று அச்சாகியிருக்கிறது. 18தானே வர வேண்டும்?

மறைந்த நாளை முதல் நாளாக எண்ணினால் 18தான். ஆனால் கிழமை பார்த்தோ வெளியூர் உறவினர் வரவுக்காகவோ காரியத்தைத் தள்ளி வைக்கும் குடும்பங்கள் உண்டு. 19 என்றே எழுதுங்கள். தேதிக்கும் கிழமைக்கும் ஒத்துப்போகாவிட்டாலும் இதே கதைதான்: போஸ்டரில் உள்ளதை எழுதி, சந்தேகத்தைப் படிக்கு வெளியே தனியாகக் குறித்து, வீட்டாரிடம் கேளுங்கள்.

‘மாலை 4 மணியளவில்’ என்பதை 4.00 என்று எழுதலாமா?

கூடாது. ‘அளவில்’ போனால் நேரம் கறாராகிவிடும். ‘காலை 9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்’ என்று இருந்தால் இரண்டு நேரமும் வேண்டும், 9.00 மட்டும் போதாது. ‘இரவு 12.30’ என்பதை நீங்களாக அடுத்த நாள் தேதிக்கு மாற்றாதீர்கள். பக்கத்தில் தமிழ் மாதமும் தேதியும் இருந்தால் அதுவும் அப்படியே வரட்டும்.

ஒரு பெயரின் பாதி கிழிந்துவிட்டது.

தெரியும் எழுத்தை எழுதி [கிழிந்துள்ளது] என்று போடுங்கள். ‘முரு’ வரை தெரிந்தால் முருகன், முருகேசன், முருகேஸ்வரி என எதுவும் இருக்கலாம். ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்; அவர்களிடம் கோப்பு இருந்தால் முழுப் பெயர் கிடைத்துவிடும்.