வயிறு எரிகிறது, நெஞ்சு படபடக்கிறது

கேள்வி: காலையில் வெறும் வயிற்றில் ஃபில்டர் காபி குடித்தால் எரிச்சல். கோல்ட் ப்ரூவில் அமிலம் கிடையாது என்றார்கள். 100 கிராம் தூளை 800 மில்லி தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, காலையில் ஒரு டம்ளர் குடிக்கிறேன். எரிச்சல் கொஞ்சம் குறைந்தது. ஆனால் நெஞ்சு படபடக்கிறதே?
வாசகி, திருச்சி

பதில்: படபடப்பை முதலில் பார்ப்போம். நீங்கள் குடிப்பது காபி இல்லை, டிகாக்‌ஷன்! 100 கிராம் அரபிகா தூளில் 1,200 மில்லிகிராம் அளவுக்குக் காஃபின் இருக்கும். தூள் உறிஞ்சியதுபோக உங்களுக்குக் கிடைப்பது சுமார் 600 மில்லி. காஃபினில் முக்கால் பங்கு அதில் இறங்கியது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 200 மில்லி டம்ளரில் 300 மில்லிகிராம். ஒரு நாள் முழுவதற்குமே 400 போதும் என்பார்கள். ஒரு டம்ளர் ஃபில்டர் காபிக்கு 10 கிராம் தூள், அதிலும் சிக்கரி கலந்தது என்றால், 100 மில்லிகிராம்கூட வராது. குளிர்ந்த தண்ணீர் காஃபினை மெதுவாகத்தான் இழுக்கும், ஆனால் நீங்கள்தான் ராத்திரி முழுக்க நேரம் கொடுத்துவிட்டீர்களே. ரோபஸ்டா தூளாக இருந்தால் கணக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

அமிலம் கிடையாது என்பதும் சரியில்லை. 2018-இல் அமெரிக்காவில் இரண்டு விதமாகவும் போட்டு அளந்து பார்த்தார்கள். பி.எச். அளவு இரண்டிலும் 5-ஐ ஒட்டியே இருந்தது. சூடான காபியில் மொத்த அமிலங்கள் மட்டும் சற்றுக் கூடுதல். கோல்ட் ப்ரூவில் நாக்குக்குப் புளிப்பு குறைவாகத் தெரிவது அதனால்தான். ஆனால் நம் இரைப்பையில் ஏற்கெனவே இருக்கும் அமிலம் பி.எச். 2-க்குப் பக்கம், காபியைவிடப் பல மடங்கு கடுமையானது. காபி தன் அமிலத்தால் சுடுவதைவிட, இரைப்பையைத் தூண்டி இன்னும் அமிலம் சுரக்கவைப்பதுதான் தொந்தரவு. அந்த வேலையைக் குளிர்ந்த காபியும் செய்யும். காஃபின் நீக்கிய காபிகூடக் கொஞ்சம் செய்யும்.

அப்படியானால் உங்களுக்கு எரிச்சல் ஏன் குறைந்தது? கொதிக்கக் கொதிக்கக் குடிக்காததாலும் இருக்கலாம், பால் போகாததாலும் இருக்கலாம். பால் சேராத உடம்புக்காரர்கள் பலர் பழியைக் காபி மேல் போடுவார்கள்.

ஒரு வாரம் இப்படிச் செய்யுங்கள். சிக்கரி கலக்காத தூளை ரவை பதத்தில் வாங்கி, அதே அளவில் ஃப்ரிட்ஜில் ஊறவையுங்கள். ஃபில்டருக்கு அரைக்கும் மாவு போன்ற தூள் வேண்டாம், வடிகட்டவே முடியாது, அடியில் சேறு மாதிரி தங்கும். வடித்ததில் 60 மில்லி எடுத்து, தண்ணீர் ஊற்றி ஒரு டம்ளராக்கி, இட்லி சாப்பிட்ட பிறகு குடியுங்கள். அடுத்த வாரம் ஃபில்டர் காபியையும் அதே நேரத்தில், சாப்பிட்ட பிறகு, பால் இல்லாமல், ஆறவைத்துக் குடியுங்கள். இரண்டு வாரமும் வயிறு சும்மா இருந்தால் குற்றவாளி வெறும் வயிறோ பாலோ சூடோதான். ஃபில்டரைத் தூக்கிப் போட வேண்டாம்.

எது குடித்தாலும் எரிச்சல் விடவில்லை, விழுங்கச் சிரமம், மலம் கறுப்பாகப் போகிறது, எடை குறைகிறது என்றால் காபியை ஆராய்ந்துகொண்டிருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள். தண்ணீர் கலந்து குடித்த பிறகும் படபடப்பு தொடர்ந்தாலும் அதேதான்.